யோசிக்கும்போது தூங்கும் ஆட்டங்கள்

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் ஏறினால், பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கை. அங்கே சார்ஜரைச் செருக இடம் இல்லையென்றால், வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போகும் பேட்டரி மட்டும்தான் கையிருப்பு. முன் இருக்கையின் முதுகில் பழைய மாதிரி யுஎஸ்பி துளை ஒன்று இருக்கலாம். போனுக்கு அது உதவும். அதில் வரும் சில வாட் மின்சாரம் லேப்டாப்புக்குக் காணாது.

பவர் பேங்க் இருக்கிறதே என்று நம்பிப் போனவர்களுக்கும் இப்போது வழி அடைபட்டுவருகிறது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே தீப்பற்றியது. பயணி ஒருவரின் பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. அதன்பின் ஆசிய விமான நிறுவனங்கள் வரிசையாக விதிகளை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் அதையே செய்தது. பையில் வைத்துக்கொண்டு போகலாம், ஆனால் பறக்கும்போது எதற்கும் சார்ஜ் ஏற்றக்கூடாது. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் நிறையப் பேர் ஏறும் விமானங்கள் இவை.

ஆக, மிச்சம் இருப்பது ஒரே வழி: குறைவாக மின்சாரம் குடிக்கும் ஆட்டமாகப் பார்த்து எடுத்துப் போவது. இந்த இடத்தில்தான் பலர் தவறான அளவுகோலைக் கையில் எடுக்கிறார்கள். ஆட்டம் சின்னதாக இருக்கிறதா, பழையதா, படங்கள் எளிமையானவையா என்று பார்க்கிறார்கள். மூன்றுமே ஓரளவுக்குத்தான் வழிகாட்டும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விளையாடுகிறவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆட்டம் என்ன செய்துகொண்டிருக்கிறது?

கணினி விளையாட்டுகள் இந்த விஷயத்தில் இரண்டு விதம். முதல் வகை, ஒரு விசை அழுத்தப்படும் வரை அப்படியே உறங்கிக் கிடக்கும். அழுத்தியதும் விழித்து, கணக்குப் போட்டு, திரையில் மாறிய இடத்தை மட்டும் திருத்திவிட்டு மறுபடி உறங்கும். இரண்டாம் வகைக்கு உறக்கமே கிடையாது. திரையில் எதுவும் அசையாவிட்டாலும் ஒரு நொடிக்கு அறுபது முறை, சில லேப்டாப்களில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை, முழுக் காட்சியையும் அழித்து அழித்து வரைந்துகொண்டே இருக்கும். இன்று சந்தைக்கு வரும் பெரும்பாலான ஆட்டங்கள் இந்த இரண்டாம் வகை. சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடும் ஆட்டோவுக்கும் ஓடவிட்டபடியே நிற்கும் ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சிக்னல் நீளமாக இருந்தால் வித்தியாசமும் பெரிதாகும். ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நிமிடம் யோசிக்க வைக்கும் ஆட்டம் முதல் வகையாக அமைந்துவிட்டால், பேட்டரிக்கு அந்த ஐந்து நிமிடமும் ஓய்வு.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லச் சிறந்தது சைமன் டாட்டம் எழுதிய ‘போர்ட்டபிள் பஸில் கலெக்‌ஷன்’. புட்டி என்ற மென்பொருளை உருவாக்கியவராகக் கணினித் துறையினருக்கு அவரைத் தெரியும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடும் இந்தத் தொகுப்பில் சின்னச் சின்னப் புதிர்கள் நிறைய இருக்கின்றன. சுடோகு இதில் ‘சோலோ’ என்ற பெயரில் இருக்கிறது. கண்ணிவெடி ஆட்டத்துக்குப் பெயர் ‘மைன்ஸ்’. குருட்டு யோகத்தை நம்பாமல், யோசித்தே முடிக்கும்படியாகத்தான் அது கட்டங்களை அமைத்துக் கொடுக்கும். தீவுகளைப் பாலங்களால் இணைக்கும் ‘பிரிட்ஜஸ்’ ஒரு பயணத்தையே விழுங்கிவிடக்கூடியது. கடினமான புதிர் ஒன்றைப் புதிதாக உருவாக்கும்போது மட்டும் ப்ராசஸர் சற்று நேரம் உழைக்கும். அதன்பின் கிளிக் செய்யும் வரை அதற்கு வேலை இல்லை. கணக்கு, லாகின், விளம்பரம் எதுவும் கிடையாது. இணையம் இல்லை என்பதை இந்த ஆட்டங்கள் கவனிக்கவே கவனிக்காது.

கதையும் ஆபத்தும் வேண்டும் என்பவர்களுக்கு நெட்ஹேக் இருக்கிறது. 1987இல் முதலில் வெளிவந்து இன்றும் மெருகேற்றப்பட்டுவரும் சுரங்க ஆட்டம் இது. எழுத்துகளாலும் குறிகளாலும் ஆன வடிவத்தில் விளையாடினால், வீரன் @ என்ற குறியாகத் தெரிவான். விசையை அழுத்தினால்தான் அந்த உலகில் ஒரு கணம் நகரும். உணவுத் தட்டு வரும்போது S விசையை அழுத்தினால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு வெளியே வந்துவிடலாம். மவுஸ் தேவையே இல்லை என்பது இன்னொரு வசதி. இருக்கைக்கு முன்னால் விரியும் பலகையில் லேப்டாப்பை வைத்த பிறகு, மவுஸ் நகர்த்த இடம் எங்கே இருக்கிறது?

இனி, ஏமாற்றும் ஆட்டங்கள். 2024இல் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்ட பலாட்ரோ சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பதிவிறக்க அளவு மிகச் சிறியது. திரையில் தெரிவது சில சீட்டுகள்தான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வண்ணங்கள் ஓயாமல் சுழல்கின்றன. சீட்டுகளும் மெல்ல மிதக்கின்றன. பழைய டிவி திரை போன்ற தோற்றம் இவை அனைத்தின் மேலும் பூசப்படுகிறது. ஆட்டக்காரர் எந்தச் சீட்டைப் போடலாம் என்று கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் நேரம் முழுவதும் கிராஃபிக்ஸ் சிப் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். விட்டுவிட வேண்டிய ஆட்டம் இல்லை இது. அமைப்புகளில் அந்த டிவி தோற்றத்தை நிறுத்தி, அசைவுகளைக் குறைத்தால் சுமை இறங்கும். ஆனால் சீட்டாட்டம்தானே என்று அப்படியே திறந்து விளையாடினால் கணக்கு தப்பும்.

சதுரங்கத்தில் இருக்கும் பொறி இதைவிட ஆழம். பலகை அசையாது, காய்களும் அசையாது. ஆனால் எதிரே விளையாடுவது ஸ்டாக்ஃபிஷ் போன்ற வலிமையான இன்ஜின் என்றால், அது தன் முறையில் ப்ராசஸரைப் பிழிந்து எடுக்கும். சில நிரல்களில், மனிதர் யோசிக்கும் நேரத்திலும் அடுத்தது என்னவாக இருக்கும் என்று அது கணக்கிட்டுக்கொண்டிருக்கும். இன்ஜின் அமைப்புகளில் Ponder என்ற பெயரில் இருப்பது அந்தப் பழக்கம்தான். அதை நிறுத்த வேண்டும். Threads என்ற இடத்தில் 1 என்று வைக்க வேண்டும். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நொடி என்று வரம்பு போட்டால் போதும். பெரும்பாலான மனிதர்களை வெல்ல ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு அதுவே தாராளம். முடிவில்லா அலசல் ஓடும் சன்னலை மட்டும் திறந்து வைத்துவிடக்கூடாது. சதுரங்கப் பலகை முன்னால் இருக்கும்போது விசிறி இரைகிறதென்றால், இன்ஜின் எங்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

பழைய ஆட்டங்கள் எல்லாமே லேசானவை என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான். தொண்ணூறுகளில் எழுதப்பட்ட பல ஆட்டங்கள், கணினி முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைத்து எழுதப்பட்டவை. ‘ஏதாவது விசை அழுத்தினார்களா, அழுத்தினார்களா’ என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே சுழலும். உறங்க அவற்றுக்குத் தெரியாது. அவற்றை டாஸ்பாக்ஸ் வழியாக ஓட்டும்போது, பழைய கணினி ஒன்றையே மென்பொருளாக நடித்துக்காட்டும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. வேகம் தேவைக்கு மேல் வைக்கப்பட்டிருந்தால் ஒரு கோர் முழுவதும் அதற்கே போய்விடும். Ctrl+F11 அழுத்த அழுத்த அந்த வேகம் குறையும். ஆட்டம் திக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளலாம். ஸ்கம்விஎம் வேறு வழியில் போகிறது. பழைய கணினியை நடித்துக்காட்டாமல், அந்தந்தச் சாகச ஆட்டத்தின் இன்ஜினையே இன்றைய கணினிக்காக மறுபடி எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் சுமை குறைவு. 1994இல் வந்த ‘பெனீத் எ ஸ்டீல் ஸ்கை’ என்ற அருமையான சாகசக் கதையை அதன் உரிமையாளர்கள் இலவசமாக விட்டிருக்கிறார்கள். ஸ்கம்விஎம் தளத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஆட்டம் உறங்குகிறதா இல்லையா என்பதை யாரையும் கேட்காமல் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். முழுத்திரையில் இல்லாமல் சன்னலில் ஆட்டத்தைத் திறந்து, விளையாட்டின் நடுவே கையை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அந்த ஆட்டத்துக்கு நேரே CPU, GPU என்ற பத்திகளை ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் அது உறங்கும் ஆட்டம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. CPU பத்தியில் 12 சதவீதம் என்று வந்தால் குறைவுதானே என்று தோன்றும். எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யக்கூடிய ப்ராசஸரில் எட்டில் ஒரு பங்கு என்பது 12.5 சதவீதம். அதாவது ஒரு பாதை மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கையை எடுத்த பிறகும் அந்த எண் அசையாமல் அங்கேயே நின்றால், உறங்கத் தெரியாத ஆட்டம் அது. மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் Energy பக்கம் இதே சேதியைச் சொல்லும்.

உறங்காத ஆட்டம் பிடித்துப்போய்விட்டது, அதைத்தான் விளையாடியாக வேண்டும் என்றால், அதற்கும் மருந்து இருக்கிறது. நொடிக்கு எத்தனை முறை வரைய வேண்டும் என்பதைக் குறைப்பதுதான் அது. ஸ்லே த ஸ்பையர் என்ற சீட்டு ஆட்டத்தின் அமைப்புகளிலேயே உச்ச எண்ணிக்கையை வைக்க இடமுண்டு. அதை 30 ஆக்கினால் வரையும் வேலை பாதியாகும். சீட்டுகளைப் பார்த்து யோசிக்கும் ஆட்டத்தில் கண்ணுக்கு அது பெரிய இழப்பில்லை. ஆட்டத்துக்குள் அந்த வசதி இல்லாவிட்டால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் Max Frame Rate என்ற வரம்பு இருக்கிறது. திரையே 120 அல்லது 144 ஹெர்ட்ஸில் ஓடும் லேப்டாப்பாக இருந்தால் அதை 60க்கு இறக்கிவிட வேண்டும். இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லேப்டாப்பில், விண்டோஸின் Graphics அமைப்பில் அந்த ஆட்டத்தின் பெயருக்கு நேரே Power saving என்று தேர்ந்தெடுத்தால், பெரிய சிப்பை எழுப்பாமல் ப்ராசஸரோடு இருக்கும் சின்ன சிப்பே வேலையை முடித்துவிடும். சிவிலைசேஷன் 6 போன்ற பெரிய ஆட்டத்தில்கூட, முப்பரிமாண நிலப்பரப்பைத் தட்டையான வரைபடமாக மாற்றிக்கொள்ளும் பார்வை ஒன்று இருக்கிறது. அழகு குறையும், சூடும் குறையும். ஆனால் எதிரி நாடுகள் தங்கள் முறையை யோசிக்கும் நேரத்தில் ப்ராசஸர் உழைப்பதை அது தடுக்காது. பிற்பகுதிக்குப் போகப் போக அந்த நேரம் நீளும் என்பதால், நீண்ட பயணத்துக்குப் புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்குவதே நல்லது.

இப்போது கணக்கு. பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு வாட் இழுக்கும் பொருளை ஒரு மணி நேரம் ஓட்டத் தேவையானது ஒரு வாட்-மணி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் புதிய பேட்டரிக்கு உரியது; இரண்டு மூன்று வருடம் உழைத்த பேட்டரி அவ்வளவு தாங்காது. உண்மை நிலவரத்தை விண்டோஸே சொல்லும். கட்டளைச் சன்னலைத் திறந்து இதைத் தட்ட வேண்டும்:

```
powercfg /batteryreport
```

battery-report.html என்ற கோப்பு உருவாகும்; எந்த இடத்தில் சேமித்தது என்பதையும் அதே சன்னலில் காட்டும். அந்தக் கோப்பில் DESIGN CAPACITY என்பது பிறந்தபோது இருந்த அளவு, FULL CHARGE CAPACITY என்பது இன்றைய அளவு. எண்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் இருக்கும். 50,000 என்றால் 50 வாட்-மணி.

ஒரு லேப்டாப்பில் முதல் எண் 50,000, இரண்டாவது 40,000 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 40 வாட்-மணி. திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட்டு, எதுவும் செய்யாமல் வைத்திருந்தாலே அது 6 வாட் இழுக்கிறது என்றால், வெறுமனே திறந்து வைத்திருக்க ஆறரை மணி நேரம். உறங்கும் புதிர் ஆட்டம் அதன்மேல் ஒரு வாட் கூட்டி 7 வாட் ஆக்கினால் ஐந்தரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம். உறங்காத சீட்டு ஆட்டம் 12 வாட் இழுத்தால் மூன்று மணி இருபது நிமிடம்; அதையே 30 பிரேமுக்குக் கட்டுப்படுத்தி 10 வாட்டுக்குக் கொண்டுவந்தால் நான்கு மணி நேரம். தனி கிராஃபிக்ஸ் சிப்பை எழுப்பும் முப்பரிமாணச் சண்டை ஆட்டம் 45 வாட் கேட்டால், விமானம் அரபிக் கடலைத் தாண்டும் முன்பே, ஒரு மணி நேரத்துக்குள், லேப்டாப் அணைந்துவிடும்.

வாட் எண்ணிக்கை ஒவ்வொரு லேப்டாப்புக்கும் மாறும் என்பதால், அவரவர் லேப்டாப்பில் ஒத்திகை பார்த்துக்கொள்வதுதான் நம்பகமான வழி. சார்ஜரைக் கழற்றி, விமானப் பயன்முறையை இயக்கி, இருட்டு அறையில் கண்ணுக்குப் போதுமான குறைந்த வெளிச்சத்தை வைத்து, அரை மணி நேரம் உண்மையாகவே விளையாட வேண்டும். தொடக்க சதவீதத்தையும் முடிவு சதவீதத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நூறிலிருந்து தொடங்காமல் தொண்ணூறு வாக்கில் தொடங்கினால் கணக்கு துல்லியமாக வரும். பல லேப்டாப்கள் நூறில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பதுண்டு. அரை மணியில் 9 சதவீதம் இறங்கினால் ஒரு மணிக்கு 18. முழு பேட்டரிக்கு ஐந்தரை மணி நேரம். சார்ஜரைச் செருகியபடி ஒத்திகை பார்ப்பதில் பயனில்லை. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலான லேப்டாப்கள் தாராளமாகச் செலவழிக்கும்படி அமைக்கப்பட்டவை. வயதான பேட்டரி 20 சதவீதத்திலிருந்து திடீரென்று விழுந்து அணைந்துபோவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட பேட்டரி என்றால், கடைசி 20ஐ இல்லாததாகவே வைத்துக் கணக்கிட வேண்டும்.

பத்தரை மணி நேரப் பயணம் என்பது பத்தரை மணி நேர ஆட்டம் அல்ல என்பதும் ஆறுதல். ஏறும்போதும் இறங்கும்போதும் லேப்டாப் மூடி உள்ளே வைக்கப்பட வேண்டும்; அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இரண்டு வேளை உணவுக்குப் பலகையைக் காலி செய்தாக வேண்டும். ஒன்றரை மணி நேரம். நான்கு மணி நேரம் தூக்கம். மிஞ்சுவது ஏறக்குறைய நான்கு மணி நேரம். மேலே சொன்ன 40 வாட்-மணி லேப்டாப்பில் இரண்டு மணி நேரம் புதிர் ஆடினால் 14, இரண்டு மணி நேரம் கட்டுப்படுத்திய சீட்டு ஆட்டம் ஆடினால் 20, மொத்தம் 34. ஆறு வாட்-மணி மிச்சம். இறங்கியதும் ஒரு முகவரியையோ பயணச்சீட்டையோ திறந்து பார்க்க அது தேவைப்படும். கனமான ஆட்டத்தை முதலில் ஆடி, உறங்கும் ஆட்டத்தைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்ல வரிசை. கடைசியில் கணக்கு கொஞ்சம் பிசகினாலும், லேசான ஆட்டம் மீதியை இழுத்து இழுத்து ஓட்டிவிடும்.

மின்சாரம் இருந்தும் ஆட்டம் திறக்காமல் போவது இன்னொரு துயரம். ஸ்டீமில் வாங்கிய ஆட்டத்தைப் பதிவிறக்கி வைத்தால் மட்டும் போதாது. முதல்முறை திறக்கும்போது சில துணைக் கோப்புகளை அது நிறுவும். அதற்கு இணையம் வேண்டியிருக்கும். எல்லாப் புதுப்பிப்புகளும் முடிந்த பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒருமுறை திறந்து மூடிவிட்டு, ஸ்டீம் பட்டியலில் Go Offline என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வைஃபையை அணைத்து, லேப்டாப்பையே ஒருமுறை அணைத்துத் திறந்து, ஆட்டம் வருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். ஸ்டீம் தானும் பின்னணியில் ஓடிக் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஜிஓஜி தளத்தில் வாங்கும் ஆட்டங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நிறுவும் கோப்பையே கையில் கொடுத்துவிடுவார்கள். வேறு எதையும் திறக்காமல் ஆட்டத்தை மட்டும் திறக்கலாம்.

கிளம்பும் நாளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பேட்டரியின் ஆயுளைக் காக்க 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடும் வசதி இன்று பல லேப்டாப்களில் இருக்கிறது. லெனோவோவில் அது Conservation Mode. மற்ற நிறுவனங்கள் வேறு பெயர் வைத்திருக்கின்றன. எப்போதோ போட்டுவிட்டு மறந்த அந்த அமைப்பு, பயணத்தன்று ஐந்தில் ஒரு பங்கு பேட்டரியைப் பறித்துக்கொள்ளும். முந்தின இரவே அதை நீக்கி நூறு வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மூடியை மட்டும் சாத்திப் பைக்குள் வைக்கும் பழக்கம். புதிய விண்டோஸ் லேப்டாப்கள் பல, மூடிய பிறகும் அரைத் தூக்கத்தில் இணையத்தைத் தேடிக்கொண்டு, பைக்குள்ளேயே சூடாகிக் கிடப்பதுண்டு. வீட்டில் தொடங்கி விமான நிலையச் சோதனை, காத்திருப்பு எல்லாம் முடிந்து இருக்கையில் அமர நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். வீட்டிலேயே Shut down கொடுத்துவிட்டு, இருக்கைப் பட்டையைத் தளர்த்தலாம் என்ற அறிவிப்பு வந்த பிறகு திறந்தால், ஏற்றிய நூறும் அப்படியே இருக்கும்.